எட்டாவது படத்தில் சிக்கும் காகிதக் கொக்கு: ஓரிகாமி கோடுகளையும் அம்புகளையும் படிக்கும் முறை

காகிதக் கொக்கு செய்யும் முறையை அச்சிட்ட தாள் ஒன்று பிள்ளையின் பள்ளிப் பையில் வீட்டுக்கு வருகிறது. முதல் ஏழு படங்கள் வரை பெரிய தொல்லை இல்லை. எட்டாவது படத்தில் ஓர் அம்பு கீழிருந்து மேலே வளைந்து போகிறது. இரு பக்கங்களிலும் சாய்வாக இரண்டு புள்ளிக் கோடுகள் இருக்கின்றன. ஒன்பதாவது படத்தில் காகிதம் ஒல்லியான வைர வடிவில் கிடக்கிறது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதற்கு அந்தத் தாளில் ஒரு சொல்கூட இல்லை. அப்பா ஒரு பக்கம் இழுக்கிறார், பிள்ளை ஒரு பக்கம் இழுக்கிறது, காகிதம் கிழிகிறது.

இப்படிச் சிக்குபவர்களுக்குக் கைவேலை வராது என்று சொல்லிவிட முடியாது. தாளில் உள்ள குறிகளைப் படிக்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். ஓரிகாமி படத்தில் இருக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒவ்வொரு அம்புக்கும் ஒரு பொருள் உண்டு. அவை ஏறக்குறைய ஒரு பத்துதான். அவற்றைத் தெரிந்துகொண்டால் ஜப்பானிய மொழியில் வந்த புத்தகத்தையும் விரித்துவைத்து மடிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பேரப்பிள்ளையோடு உட்கார்ந்து மடிக்கலாம்.

இந்தக் குறிகளுக்கு அடித்தளம் போட்டவர் ஜப்பானைச் சேர்ந்த அகிரா யோஷிசாவா. 1911-இல் பிறந்தவர். தோக்கியோவில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தபோது, இளம் தொழிலாளர்களுக்கு வடிவக் கணிதம் சொல்லிக் கொடுக்கக் காகித மடிப்பைப் பயன்படுத்தினார். 1954-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில், விட்டு விட்டுப் போகும் கோடுகளும் அம்புகளும் கொண்டு மடிப்பு முறைகளை விளக்கியிருந்தார். அதன் பிறகு அமெரிக்கரான சாமுவல் ராண்ட்லெட்டும், பிரிட்டனில் மேடை வித்தைக்காரராக இருந்த ராபர்ட் ஹார்பினும் அந்த முறையை எடுத்துக்கொண்டு மேலும் சில குறிகளைச் சேர்த்தனர். 1961-இல் ராண்ட்லெட் வெளியிட்ட புத்தகத்துக்குப் பின் அது உலகம் முழுவதும் பரவியது. இன்று எந்த நாட்டுப் புத்தகத்தைத் திறந்தாலும் பெரும்பாலும் அதே குறிகள்தாம்.

பள்ளமும் மலையும்

எல்லாவற்றுக்கும் முதலாக வருபவை இரண்டு கோடுகள்.

– – – – – இப்படிச் சிறு சிறு கோடுகளாக வருவது பள்ள மடிப்பு. காகிதத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கி உங்களை நோக்கி மடிக்க வேண்டும். விரித்துப் பார்த்தால் மடிப்பு பள்ளத்தாக்கு போல உள்வாங்கி இருக்கும்.

– · – · – இப்படிக் கோடும் புள்ளியும் மாறி மாறி வருவது மலை மடிப்பு. காகிதத்தை உங்களுக்கு எதிர்ப்புறமாக, பின்னால் மடிக்க வேண்டும். விரித்தால் மடிப்பு மலை முகடு போல மேலே எழுந்து நிற்கும். சில புத்தகங்களில் ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு புள்ளிகள் இருக்கும். பொருள் ஒன்றுதான்.

ஜப்பானிய மொழியிலும் இவற்றின் பெயர் இதுவேதான். தானி என்றால் பள்ளத்தாக்கு, யாமா என்றால் மலை, ஓரி என்றால் மடிப்பு. தானி ஓரி, யாமா ஓரி என்று அங்கே பிள்ளைகள் சொல்வார்கள்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதும் அல்ல. புடவைக்குக் கொசுவம் வைக்கும்போது விரல்களுக்கு நடுவே துணி ஒரு முறை முன்னே வருகிறது, ஒரு முறை பின்னே போகிறது. முன்னே வந்து நிற்பது மலை, பின்னே வாங்கியிருப்பது பள்ளம். கொசுவத்தை எதிரில் நிற்பவர் பார்க்கும்போது மலை. அதையே புடவையின் உட்புறமிருந்து பார்த்தால் பள்ளம். துணி ஒன்றுதான், மடிப்பும் ஒன்றுதான். பார்க்கும் பக்கம் மாறினால் பெயர் மாறுகிறது.

காகிதத்திலும் அப்படியே. ஒரு பள்ள மடிப்பைப் போட்டுவிட்டுக் காகிதத்தைக் குப்புறத் திருப்பிப் பாருங்கள். அது மலை மடிப்பாகத் தெரியும். அதனால் மலை மடிப்பைப் போடச் சொல்லும் படத்தைக் கண்டு தடுமாற வேண்டாம். காகிதத்தைத் திருப்பி, அதே இடத்தில் பள்ள மடிப்பாகப் போட்டு, மீண்டும் திருப்பி வைத்தால் போதும். அனுபவம் உள்ளவர்களும் நீளமான மலை மடிப்பை இப்படித்தான் போடுவார்கள். மேசைமேல் வைத்து அழுத்த முடிவதால் கோடு நேராக வரும்.

இவை தவிர இன்னும் இரண்டு கோடுகள் உண்டு. ஓரத்தைத் தொடாமல் சற்று முன்பே நின்றுவிடும் மெல்லிய கோடு, முன்பு மடித்து விரித்த பழைய தடம். அதை இப்போது மடிக்க வேண்டாம். வெறும் புள்ளிகளாக வருவது, முன்னால் இருக்கும் காகிதத்தால் மறைந்து, உள்ளே இருக்கும் விளிம்பு. அதுவும் மடிப்பதற்கானது அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுவதற்கு மட்டுமே.

அம்பின் தலையைப் பாருங்கள்

கோடு எங்கே மடிப்பது என்று சொல்கிறது. அம்பு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் கொண்டு போவது என்று சொல்கிறது.

தலை முழுதாகக் கறுத்திருக்கும் வளைந்த அம்பு பள்ள மடிப்புக்கு உரியது. தலையில் ஒரு பாதி மட்டும், அதுவும் உள்ளே வெறுமையாக இருந்தால், அது மலை மடிப்பின் அம்பு. காகிதம் பின்னால் போகிறது. போன வழியே திரும்பி வரும் அம்பு, மடித்து அழுத்தி மறுபடி விரி என்று சொல்கிறது. தாளில் தடம் விழுந்தால் போதும், மடித்த நிலையில் விட வேண்டாம். பலர் கவனிக்காமல் விடுவது இந்த அம்பைத்தான். மடித்தபடியே அடுத்த படத்துக்குப் போய்விட்டு, தங்கள் காகிதம் ஏன் படத்தில் உள்ளதைவிடச் சிறியதாக இருக்கிறது என்று விழிப்பார்கள்.

நடுவில் ஒரு சுழி போட்டுப் போகும் அம்பு, காகிதத்தைக் குப்புறத் திருப்பு என்பதற்கு. தோசையைப் புரட்டிப் போடுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். வட்டமாகச் சுற்றும் அம்பு வேறு. காகிதம் மேசையிலேயே இருக்கும், திசை மட்டும் மாறும். அதன் நடுவில் 1/4 அல்லது 1/8 என்று எழுதியிருந்தால் அத்தனை பங்கு சுற்ற வேண்டும். புரட்டுவதையும் சுற்றுவதையும் குழப்பிக்கொண்டால் பின்னால் வரும் எல்லா மடிப்புகளும் தலைகீழாகிவிடும்.

உள்ளே வெறுமையான, தடித்த அம்பு மூன்று வேலை செய்யும்: இங்கே அழுத்து, இங்கே திற, இங்கே ஊது. எது என்பது இடத்தைப் பார்த்தால் புரியும். அம்பின் உடலில் குறுக்காகச் சிறு கோடு போட்டிருந்தால், இதே வேலையை இன்னோர் இடத்திலும் செய் என்று பொருள். எந்தெந்தப் படங்களைத் திரும்பச் செய்வது என்பதைப் பக்கத்தில் 6–8 என்பதுபோல எண்ணாகப் போட்டிருப்பார்கள்.

எல்லாப் புத்தகங்களும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி வரைவதில்லை. அம்புத் தலையில் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கும். நல்ல புத்தகமாக இருந்தால் முதல் சில பக்கங்களில் குறிகளின் பட்டியல் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒரு படத்தில் இரண்டு செய்திகள்

குறிகளைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஓரிகாமி படம் ஒவ்வொன்றும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. காகிதத்தின் உருவம், போன படத்தில் சொன்னதைச் செய்து முடித்தபின் கிடைத்த நிலை. அதன்மேல் இருக்கும் கோடும் அம்பும் இனிச் செய்ய வேண்டியது. ஆகவே எட்டாவது படத்தில் சொன்னதைச் செய்து முடித்தால் காகிதம் எப்படி இருக்கும் என்பது எட்டில் இருக்காது, ஒன்பதில்தான் இருக்கும்.

இதனால் மடிக்கும் முறையே மாறுகிறது. முதலில் உங்கள் கையில் உள்ள காகிதமும் இப்போதைய படமும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு கோட்டையும் அம்பையும் படியுங்கள். பிறகு கண்ணை அடுத்த படத்துக்குக் கொண்டுபோய், எந்த மூலை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தேடுங்கள். அதற்கப்புறம்தான் கை காகிதத்தைத் தொட வேண்டும். ஒரே படத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டு இழுப்பவர்களின் காகிதம்தான் கிழிகிறது.

படத்தில் இன்னும் இரண்டு உதவிகள் ஒளிந்திருக்கின்றன. காகிதத்தின் வண்ணப் பக்கத்தைச் சாயம் பூசியோ சாம்பல் நிறமாகவோ காட்டுவார்கள். வெள்ளைப் பக்கத்தை வெறுமையாக விடுவார்கள். எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று அதிலேயே தெரியும். அடுத்து, பல அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இடத்தில் அவற்றின் விளிம்புகளைச் சற்றே விலக்கி வரைவார்கள். உண்மையில் அவை ஒட்டித்தான் இருக்கும். திறந்திருக்கும் முனை எது, மூடியிருக்கும் முனை எது என்று காட்டுவதற்காகவே அப்படி வரைகிறார்கள். கொக்கு செய்யும்போது இது மிகவும் உதவும்.

முதல் ஐந்து படங்கள்

இனிக் கொக்கையே எடுத்துக்கொண்டு போகலாம். கடையில் கிடைக்கும் ஓரிகாமி தாள் பெரும்பாலும் 15 சென்டிமீட்டர் சதுரம், ஒரு பக்கம் வண்ணம், மறுபக்கம் வெள்ளை. அது இல்லையென்றால் ஏ4 தாள் போதும். அதன் அகலம் 210 மில்லிமீட்டர், நீளம் 297 மில்லிமீட்டர். அகலமான ஓரத்தை நீளமான ஓரத்தின்மேல் சாய்வாக மடித்து வைத்து, மீந்து நிற்கும் 87 மில்லிமீட்டர் பட்டையை வெட்டிவிட்டால் சதுரம் கிடைக்கும். பழகும் காலத்தில் பெரிய தாளே நல்லது. ஒரு பக்கத்தில் கிறுக்கிய பழைய தாள் என்றால் இன்னும் நல்லது, எது உட்பக்கம் எது வெளிப்பக்கம் என்று தெரியும்.

முதல் படத்தில் வண்ணப் பக்கம் மேலே இருக்கிறது. மூலைக்கு மூலை ஒரு பள்ளக் கோடு, போய்த் திரும்பும் அம்பு. மடித்து, நகத்தால் அழுத்தி, விரிக்க வேண்டும். இரண்டாவது படம் மற்ற இரு மூலைகளுக்கும் அதையே சொல்கிறது. அதை அடுத்துச் சுழி போட்ட அம்பு: காகிதத்தைப் புரட்டு. இப்போது வெள்ளைப் பக்கம் மேலே வந்துவிட்டது. மூன்றாம், நான்காம் படங்களில் புத்தகம் மூடுவது போல நேராக இரண்டாக மடித்து விரிக்க வேண்டும், ஒரு முறை நெடுக்காக, ஒரு முறை குறுக்காக.

நடுவில் எதற்குப் புரட்டச் சொன்னார்கள்? வண்ணப் பக்கத்தில் பள்ளமாகப் போட்ட மூலைக் கோடுகள், வெள்ளைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது மலையாக எழுந்து நிற்கின்றன. நேர்க்கோடுகளோ வெள்ளைப் பக்கத்தில் பள்ளமாக இருக்கின்றன. மலையும் பள்ளமும் இப்படி மாறி மாறி இருந்தால்தான் ஐந்தாவது படத்தில் காகிதம் தானாகவே சுருங்கி உட்காரும். புரட்டும் அம்பைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் மடித்தவர்களின் காகிதம் அங்கே முரண்டு பிடிக்கும்.

ஐந்தாவது படத்துக்கு முன் 1/8 சுற்று. ஒரு மூலை உங்களைப் பார்த்து நிற்கட்டும். இடது மூலையிலிருந்து வலது மூலை வரை மலைக் கோடு. பெருக்கல் குறி போலக் குறுக்கே இரண்டு பள்ளக் கோடுகள். மேலிருந்து கீழே போகும் மூலைக்கோடு வெறும் மெல்லிய தடமாக மட்டும் இருக்கும், அதைத் தொட வேண்டாம். இடது, வலது மூலைகளைப் பிடித்து இரண்டையும் கீழ்மூலைக்குக் கொண்டு வாருங்கள். மேல்மூலையும் கூடவே இறங்கி அவற்றின்மேல் படுக்கும். நான்கு மூலைகளும் கீழே ஒன்றுசேர, சிறிய சதுரம் ஒன்று கிடைக்கும். தாள் 15 சென்டிமீட்டர் என்றால் இந்தச் சதுரத்தின் பக்கம் 7.5 சென்டிமீட்டர்.

இங்கே நின்று மூன்றைச் சரிபார்க்க வேண்டும். வெளியே வண்ணம் தெரிய வேண்டும். வெள்ளை தெரிந்தால் தொடக்கத்திலேயே பக்கம் மாறிவிட்டது. இடப்புறம் இரண்டு மடல், வலப்புறம் இரண்டு மடல் இருக்க வேண்டும். ஒருபுறம் ஒன்றும் மறுபுறம் மூன்றும் இருந்தால், புத்தகத்தின் ஏட்டைப் புரட்டுவது போல ஒரு மடலை இந்தப் பக்கம் தள்ளிவிடலாம். சதுரத்துக்குப் பதில் முக்கோணம் வந்திருந்தால், மலையும் பள்ளமும் இடம் மாறியிருக்கின்றன. அந்த முக்கோணமும் ஓரிகாமியில் பெயர்பெற்ற வடிவம்தான், ஆனால் அதிலிருந்து இந்தக் கொக்கு வராது. முழுவதும் விரித்து, புரட்டிப் போட்டு, மறுபடி சுருக்கினால் சதுரம் வந்துவிடும்.

எட்டாவது படம்

ஆறாவது படத்தில் திறந்த முனை கீழே இருக்க வேண்டும். நான்கு மூலைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் முனை அது. படத்தில் விளிம்புகள் விலகி நிற்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். முன்னால் இருக்கும் இரு மடல்களின் கீழ் விளிம்புகளை நடுக்கோட்டுக்கு வருமாறு பள்ளமாக மடிக்க வேண்டும். பட்டம் போல ஒரு வடிவம் வரும். மூடிய முனையைக் கீழே வைத்துக்கொண்டு இதைச் செய்தால் ஆறும் ஏழும் நன்றாகவே வந்ததுபோலத் தோன்றும். எட்டில் தூக்குவதற்கு மூலையே இருக்காது. எட்டாவது படத்தில் பாதிப் பேர் நிற்பதற்குக் காரணம் ஆறாவது படத்தில் செய்த இந்தத் தவறு.

ஏழாவது படத்தில், மேலே இருக்கும் சிறு முக்கோணத்தை மடல்களின்மேல் கீழ்நோக்கி மடித்து, அழுத்தித் தேய்த்து, விரிக்க வேண்டும். பக்க மடல்கள் இரண்டையும் விரித்துவிட வேண்டும். பார்த்தால் மறுபடியும் பழைய சதுரமே. செய்ததெல்லாம் வீண் என்று தோன்றும். உண்மையில் அதில் இப்போது மூன்று தடங்கள் புதிதாக விழுந்திருக்கின்றன: குறுக்கே ஒன்று, சாய்வாக இரண்டு. இவை போதிய அளவு அழுத்தமாக இல்லையென்றால் அடுத்த படம் நடக்காது.

இப்போது எட்டு. குறுக்குத் தடத்தில் பள்ளக் கோடு. சாய்ந்த தடங்கள் இரண்டிலும் மலைக் கோடு. ஆறாவது படத்தில் இதே தடங்கள் பள்ளமாக இருந்தன என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே இடம், அதே தடம், இப்போது எதிர்ப்புறமாக வளைய வேண்டும் என்று படம் சொல்கிறது. இந்த ஒரு செய்தியைப் படித்துவிட்டால் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

கீழ்மூலையில் மேலாக இருக்கும் ஒரே ஒரு தாளை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். குறுக்குத் தடம் கதவின் கீல் போல வேலை செய்யும். தாள் மேலே எழும்போது குஞ்சுப் பறவை வாய் திறந்தது போல உள்ளே வெள்ளை தெரியும். அப்படியே மேலே கொண்டுபோய், முனை கீலுக்கு மேலே நீண்டு நிற்கும் வரை தள்ளுங்கள். இரு பக்க விளிம்புகளும் தாமாகவே நடுவை நோக்கிச் சாயத் தொடங்கும். சாய்ந்த தடங்களை விரலால் சற்றே கிள்ளி மலையாக்கிக் கொடுத்தால் விளிம்புகள் நடுக்கோட்டில் வந்து சந்திக்கும். அழுத்திப் படிய வையுங்கள். மேலே ஒரு கூர்முனை, கீழே ஒரு கூர்முனை, நடுவில் அகலம்: ஒன்பதாவது படத்தில் இருக்கும் வைரம் இதுதான். பூவின் இதழ் விரிவது போல இருப்பதால் இதற்கு இதழ் மடிப்பு என்று பெயர்.

விளிம்புகள் நடுவில் சேராமல் கீலின் இரண்டு முனைகளிலும் சுருக்கம் விழுந்தால் அதை நகத்தால் தேய்த்துப் பயனில்லை. சாய்ந்த தடமும் குறுக்குத் தடமும் ஒரே புள்ளியில் சந்திக்கவில்லை என்று பொருள். திரும்ப இறக்கி, ஏழாவது படத்தின் முக்கோணத்தை மறுபடி மடித்து வாருங்கள். தூக்கும்போது கனமாக இருந்தால் இரண்டு தாள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கிறீர்கள்.

காலும் கழுத்தும்

ஒன்பதாவது படத்தில் சுழி அம்பும் 6–8 என்ற எண்களும் இருக்கும். புரட்டி, பின்பக்கத்துக்கும் அதையே செய்ய வேண்டும். முடிந்ததும் இரு முகமும் வைரமாக இருக்கும். ஒரு முனை நடுவில் பிளந்து இரண்டு கால்களாகப் பிரியும்; மறுமுனையில் இரண்டு இறக்கைகளுக்கு நடுவே சிறு முக்கோணம் மறைந்திருக்கும். கால்கள் கழுத்தும் வாலும் ஆகப்போகின்றன, முக்கோணம் முதுகு ஆகும்.

பத்தாவது படத்தில் பிளந்த பக்கத்தின் விளிம்புகளை நடுக்கோட்டுக்கு மடித்துக் கால்களை ஒல்லியாக்க வேண்டும், முன்னும் பின்னும். முனை மாறி இறக்கைப் பக்கத்தை மடித்துவிட்டால் கழுத்து தடித்தும் இறக்கை ஒட்டியும் போன ஒரு பறவை வரும். இங்கே படத்தில் சொல்லாத ஒரு கைப்பழக்கம் உண்டு. விளிம்பைச் சரியாக நடுக்கோட்டில் வைக்காமல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தினால், அடுத்த மடிப்புக்குக் காகிதத்தின் தடிமனுக்கு இடம் கிடைக்கும். ஏ4 தாளில் செய்பவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். அது ஓரிகாமி தாளைவிடத் தடிமனானது.

பதினொன்றாவது படத்தில் ஒவ்வொரு காலின் குறுக்கேயும் மலைக் கோடும், விளிம்பில் வெறுமையான அம்பும் இருக்கின்றன. காலை மேலே கொண்டு போக வேண்டும், ஆனால் உடலுக்கு முன்னாலோ பின்னாலோ போகக் கூடாது. இரு தாள்களுக்கு நடுவே உள்ளே புகுந்து மேலே வர வேண்டும். முன்தாளில் அது மலை, மறைந்திருக்கும் பின்தாளில் பள்ளம். நேராகச் செய்ய வராவிட்டால், முதலில் காலை வெறுமனே மேலே மடித்துத் தடம் பதித்து இறக்கிவிடுங்கள். பிறகு பக்கவாட்டில் காலைச் சற்றே திறந்து, முதுகுத் தண்டு போல இருக்கும் மடிப்பை விரலால் உள்ளே தள்ளி, மூடுங்கள். தலைக்கும் இதே மடிப்புதான், கழுத்தின் நுனியில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அளவுக்குச் சிறியதாக. இரண்டு முனைகளில் எதில் வேண்டுமானாலும் தலை வைக்கலாம், கொக்கு கோபித்துக்கொள்ளாது.

கடைசிப் படத்தில் இரண்டு இறக்கைகளும் இறங்குகின்றன. முன் இறக்கைக்குக் கறுத்த தலை அம்பு, அது உங்களை நோக்கி வரும் பள்ள மடிப்பு. பின் இறக்கைக்குப் பாதித் தலை அம்பு, அது விலகிப் போகும் மலை மடிப்பு. கொக்கைத் திருப்பி வைத்துப் பார்த்தால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும்.

வயிற்றுக்குக் கீழே இருக்கும் வெறுமையான அம்பு ஊதுவதற்கு. அங்கே நான்கு தாள்களுக்கு நடுவில் சிறு துளை உண்டு. இரண்டு இறக்கைகளையும் அடிப்பகுதியில் பிடித்து மெல்ல வெளியே இழுத்துக்கொண்டே அந்தத் துளையில் ஊதினால், முதுகு முக்கோணம் தட்டையாகி உப்பும். நுனியைப் பிடித்து இழுத்தால் இறக்கைதான் கசங்கும். துளை அடைத்துக்கொண்டிருந்தால் பற்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையை விட்டுச் சற்றே அகட்டிவிட்டு ஊதலாம்.